மிக்ஸிங்குக்குப் போகும் மெயில்: பள்ளிக் குழுப் பாட்டை எப்படி எழுதி அனுப்புவது

மதுரையில் இருந்து மிக்ஸ் செய்யப் போகிற, அதாவது தனித்தனிப் பதிவுகளை ஒரே பாட்டாகக் கலக்கப் போகிற என்ஜினீயர், மண்டபம் என்கிற கடலோர ஊரில் உள்ள பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை. பிள்ளைகள் எந்த வரிசையில் நின்றார்கள், கீபோர்டு எங்கே இருந்தது, கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது தனித்தனியாகப் பதிந்த நான்கு டிராக்கும் உங்கள் மெயிலும்தான். அந்த மெயில் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: "சார், பாட்டு அனுப்பியிருக்கேன். நல்லா பளிச்சுனு சினிமா பாட்டு மாதிரி பண்ணிக் கொடுங்க."

இதைப் படித்த என்ஜினீயர் சினிமாப் பாட்டுக்குச் செய்வதைச் செய்வார். தனிக்குரல் மைக்கை முன்னால் கொண்டுவருவார், கீபோர்டை ஏற்றுவார், சத்தத்தின் ஏற்ற இறக்கம் குறையும்படி மொத்தத்தையும் கம்ப்ரஸ் செய்து, மேலே பெரிய கூடத்தின் முழக்கம் போல ரிவர்ப் தூவுவார். திரும்பி வரும் பாட்டில் ஒரு சிறுமியும் ஒரு கீபோர்டும் பளிச்சென்று கேட்கும். மீதி முப்பது பேர் பக்கத்து வகுப்பில் பாடுவது போலிருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

மெயிலில் என்ன எழுதுவது என்று பார்க்க ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். மண்டபம் கரையோரம் ஒரு பள்ளி, 12 மீட்டருக்கு 7 மீட்டர் கான்கிரீட் கூடம். முப்பத்தொரு பிள்ளைகள் மூன்று வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து கட்டை சுருதி, பக்கத்துணைக்குக் கீபோர்டு மட்டும். பாட்டு நான்கு நிமிடம். இரண்டாம் சரணத்தின் முதல் இரண்டு வரியை முன்வரிசையில் நிற்கும் ஒரு மாணவி தனியாகப் பாடுகிறாள். நான்கு டிராக் ரெக்கார்டரில் முதல் இரண்டு டிராக் குழுவுக்கு முன்னால் ஸ்டாண்டில் உயர்த்தி வைத்த ஜோடி மைக். மூன்றாவது கீபோர்டிலிருந்து நேராகக் கேபிள். நான்காவது தனிக்குரல் மைக்.

மெயிலின் முதல் பத்தியில் சொல்ல வேண்டியது, இந்தப் பதிவில் எது அசல் சத்தம் என்பது. குழுப் பாட்டுக்கு அது எப்போதும் ஜோடி மைக். முப்பத்தொரு குரலும் காற்றில் கலந்து ஒரே குரலாக ஆனபின் அந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. மற்ற இரண்டு டிராக்கும் அதற்குத் துணை. இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடலாம்: "வணக்கம் சார். முதலில் ஜோடி மைக்கை மட்டும் போட்டு முழுப் பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள். அதில் பாட்டு முக்கால்வாசி முடிந்திருக்கிறது. மற்ற டிராக்கை, குறை தெரிகிற இடத்தில் மட்டும், தெரிகிற அளவுக்கு மட்டும் சேருங்கள்." இந்த நான்கு வரியை முழுசாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குகிற என்ஜினீயரிடம் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

அடுத்தது அளவுகள். ஜோடி மைக் எப்படி வைக்கப்பட்டது என்று ஒரு வரி போதும்: முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் இரண்டு, மைக் தலைகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், இடையே 110 டிகிரி. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓ.ஆர்.டி.எஃப் முறை இது, அந்தப் பெயரைச் சொன்னாலே அவருக்குப் புரியும். இடது வலது யாருடைய இடது வலது என்பதையும் எழுதுங்கள். பாடுகிற பிள்ளையின் இடது, கேட்கிறவரின் வலது. இதில் குழம்பினால் தனிக்குரல் இரண்டு இடத்தில் கேட்கும், ஜோடி மைக்கில் வலப்பக்கம், என்ஜினீயர் வைத்த இடத்தில் இடப்பக்கம். பதிவு தொடங்குமுன் ஆசிரியர் ஒருவர் மைக்கிலிருந்து பார்க்கையில் இடது ஓரமாக நின்று "இது இடது" என்று சொல்லிப் பதிந்துவிட்டால் வாக்குவாதமே வராது.

பிறகு தூரம். பள்ளியிலிருந்து போகும் மெயில்களில் அநேகமாக விட்டுப்போவது இதுதான், மிக்ஸ் அதிகம் கெடுவதும் இதனால்தான். கீபோர்டின் சத்தம் இரண்டு வழியாக ரெக்கார்டருக்கு வருகிறது. கேபிள் வழியாக உடனே வந்துவிடும். கீபோர்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கேட்பதற்காக வைத்த ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக ஜோடி மைக்குக்கு வருவது கொஞ்சம் பிந்தும். நம் கரையில் 32 டிகிரி வெயிலில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து ஜோடி மைக்குக்கு 3.5 மீட்டர் என்றால் தாமதம் 10 மில்லி விநாடி. இரண்டையும் அப்படியே சேர்த்தால் சில சுரங்கள் தூக்கலாகவும் சில சுரங்கள் அமுங்கியும் குழாய்க்குள் வாசித்தது போலக் கேட்கும். என்ஜினீயர் இதை, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ வைத்துச் சரிசெய்யப் பார்ப்பார். ஆனால் கோளாறு நேரத்தில் இருப்பதால் ஈக்யூவுக்குப் பிடிபடாது. கேபிள் டிராக்கை 10 மில்லி விநாடி பின்னால் தள்ள வேண்டும்.

தனிக்குரல் மைக்குக்கும் இதே கணக்குதான். மாணவியின் வாய்க்கும் அவள் மைக்குக்கும் 20 சென்டிமீட்டர், வாயிலிருந்து ஜோடி மைக்குக்கு 2.3 மீட்டர். வித்தியாசம் 2.1 மீட்டர், அதாவது 6 மில்லி விநாடி. மெயிலில் இப்படிப் போடலாம்:

```
P2_T2_1_JODI_L.wav     0 ms
P2_T2_2_JODI_R.wav     0 ms
P2_T2_3_KEYS.wav     +10 ms
P2_T2_4_SOLO.wav      +6 ms
48 kHz / 24 bit
```

பெயரில் முதலில் பாட்டின் எண், அடுத்து டேக்கின் எண், அதாவது எத்தனையாவது தடவை பாடிப் பதிந்தது என்பது, பிறகு டிராக். டேப் பிடித்து அளந்த தூரத்திலும் சில சென்டிமீட்டர் பிசகும். அதனால் ஒத்துப்பார்க்க அடையாளம் ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் தனிக்குரல் மைக்குக்கு முன்னால், மாணவியின் வாய் இருக்கும் இடத்தில், ஒரு கைதட்டு. அது நான்காம் டிராக்கிலும் ஜோடி மைக்கிலும் ஊசி முனையாகத் தெரியும், இரண்டு முனைக்கும் இடையிலுள்ள நேரத்தை அவரே அளந்துகொள்வார். ஆனால் கீபோர்டு கேபிளில் கைதட்டு விழாது. அதற்குப் பாட்டு தொடங்குமுன் கீபோர்டில் ஒரு கட்டையைச் சட்டென்று தட்டி எடுத்துவிட வேண்டும். கேபிளிலும் விழும், ஸ்பீக்கர் வழியாக ஜோடி மைக்கிலும் விழும். பதிவு நாளில் இந்த இரண்டு தட்டுக்கும் ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை. "பாட்டுக்கு முன்னால் உள்ள தட்டுகளை வெட்டிவிடாதீர்கள், அவை அளவுக்காக" என்று மெயிலில் ஒரு வரியும் சேருங்கள். இல்லையென்றால் குப்பை என்று நினைத்து முதலில் அதைத்தான் வெட்டுவார்.

தனிக்குரல் மைக்கைப் பற்றி இன்னொன்று. அது மாணவிக்கு மட்டும் கேட்கிற மைக் அல்ல. முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் நான்கைந்து பேரும் அதில் கிட்டத்தில் விழுவார்கள். பாட்டு முழுக்கத் திறந்து வைத்தால் அந்த நான்கைந்து பேர் முன்னால் வந்து, மூன்றாம் வரிசை காணாமல் போய்விடும். அதனால் நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்: "நான்காம் டிராக் 2:04 முதல் 2:26 வரை மட்டும். 2:03இல் அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் மெதுவாகத் திறந்து, குழு சேரும்போது மூடிவிடுங்கள். ஜோடி மைக்கில் அவள் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் கேட்கிறாள், அங்கேயே வையுங்கள்."

ரிவர்ப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. கான்கிரீட் கூடத்தில் எதிரெதிர்ச் சுவர் வெறுமையாக இருந்தால் கை தட்டும்போது "டர்ர்" என்று ஒரு அதிர்வு ஓடும். அந்தக் கூடத்தின் முழக்கம் ஜோடி மைக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ரிவர்ப் போட்டால் வார்த்தை கரைந்துவிடும், முதலில் போவது சொல்லின் கடைசி மெய்யெழுத்து. தமிழ்ப் பாட்டில் பொருள் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் கேபிளில் வந்த கீபோர்டுக்கும் கிட்டத்தில் வாங்கிய தனிக்குரலுக்கும் கூடமே கிடையாது, காய்ந்துபோய்க் கேட்கும். ஆகவே கேட்க வேண்டியது இது: "ஜோடி மைக்குக்கு ரிவர்ப் வேண்டாம். மூன்று, நான்குக்கு மட்டும், கூடத்தின் முழக்கம் அடங்கும் நீளத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி கொஞ்சம்." அந்த நீளத்தைப் பாட்டின் கடைசிச் சொல் அடங்குவதில் அவரே கேட்டுக்கொள்ளலாம். அதனால்தான் கடைசிச் சொல்லுக்குப் பிறகு நான்கைந்து விநாடி யாரும் அசையாமல் நிற்க வேண்டும். பாட்டு முடிந்த பெருமூச்சும் "மிஸ், நல்லா இருந்துச்சா?"வும் அதற்குள் விழுந்துவிட்டால் முடிவையே வேறு டேக்கிலிருந்து ஒட்ட வேண்டி வரும்.

இனிக் கடலும் காற்றும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ராமநாதபுரம் கரையில் ஜன்னலைச் சாத்தினாலும் கூடத்துக்குள் காற்று நுழைந்துவிடும். மைக் மேல் அது மோதுவது காதுக்குத் தெரியாது, ஸ்பீக்கரில் "தொம் தொம்" என்று அடியில் உருளும். இது நல்ல செய்திதான், வெட்டி எடுக்க முடியும். ஐந்து கட்டையில் ஆதார சட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147. பிள்ளைகள் பாட்டில் அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஆகவே ஜோடி மைக்கிலும் தனிக்குரலிலும் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரல் ஒன்றும் இழக்காது. கீபோர்டின் இடது கை சுரங்கள் அதற்குக் கீழே போகலாம், ஆனால் அவை கேபிளில் சுத்தமாக இருக்கின்றன, அந்த டிராக்கை வெட்ட வேண்டியதில்லை. "சுருதி ஐந்து கட்டை, கீழ் எல்லை மந்திர பஞ்சமம்" என்று மெயிலில் எழுதினால் எங்கே வெட்டலாம் என்று அவர் தயங்கமாட்டார். கர்நாடகக் கட்டைக் கணக்கு தெரியாதவராக இருந்தால் "ஜி" என்று மேற்கத்திய பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

படகு எஞ்சின் அப்படி இல்லை. டீசல் எஞ்சினின் அடிச்சத்தம் கீழே இருந்தாலும் அதன் "டக் டக்" குரல் இருக்கும் இடம் வரைக்கும் ஏறி வரும். 90இல் வெட்டினாலும் மேலே உள்ளது அப்படியே நிற்கும். நம் பதிவில் இரண்டாம் டேக்கில் 1:38 முதல் 1:52 வரை ஒரு நாட்டுப்படகு கடந்து போகிறது. இதற்கு மருந்து மூன்றாம் டேக்தான். அந்த வரிகளை அங்கிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். பாம்பன் பக்கம் ரயில் ஊதலும், காக்கைக் கூட்டமும், பள்ளிவாசல் பாங்கும் இதே கணக்கில் சேரும்: நேரத்தைக் குறி, மாற்று டேக்கைச் சொல். பாங்கு நேரம் முன்பே தெரியும் என்பதால் அதில் மாட்டிக்கொள்வதற்குச் சாக்கு கிடையாது.

மூன்றாவது வகைச் சத்தம் அலை. தொடர்ந்து இரைவது, தாழ்விலிருந்து உச்சம் வரை எல்லா இடத்திலும் பரவியிருப்பது. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுக்கலாம் என்று தோன்றும், அதற்காகவே பிள்ளைகள் எல்லாரும் இடத்தில் நிற்க, ஃபேன் நின்று, முப்பது விநாடி வெறும் கூடத்தைப் பதிந்து அனுப்புகிறோம். ஆனால் அலை இரைச்சலும் ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் சீறலும் பிள்ளைகள் மூச்சும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதிகம் எடுத்தால் அவையும் சேர்ந்து போகும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். "ஆறு டெசிபலுக்கு மேல் குறைக்க வேண்டாம், மீதி இருக்கட்டும்" என்று எழுதுவதுதான் புத்தி. வரிகளுக்கு இடையில் மட்டும் முழு அமைதி ஆக்குவதும் வேண்டாம். வாய் திறக்கும்போதெல்லாம் கடல் வந்து, மூடும்போதெல்லாம் கடல் போனால், இல்லாத இரைச்சலையும் காது தேட ஆரம்பித்துவிடும்.

கம்ப்ரஸரும் இதே காரணத்துக்காக எச்சரிக்கைக்குரியது. பல்லவி மெதுவாகத் தொடங்கி சரணத்தில் உச்சத்துக்குப் போகிறது என்றால் கம்ப்ரஸர் உச்சத்தை அமுக்கி, மொத்தத்தையும் ஏற்றும்போது இடைவெளியில் உள்ள அலையும் ஏறி வரும். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைக் கையால் நகர்த்துவதே மேல்: "3:10க்கு மேல் குழு உச்சத்துக்குப் போகும்போது இரண்டு மூன்று டெசிபல் இறக்கிக் கொள்ளுங்கள். ஆனால் அது பல்லவியைவிடப் பெரிதாகத்தான் கேட்க வேண்டும்."

இப்போது எல்லாரும் கேட்க நினைத்து, தப்பாகக் கேட்கிற விஷயம். இடப்பக்கம் இரண்டாம் வரிசையில் ஒரு குரல் எல்லாரையும் தாண்டிக் கேட்கிறது, கடைசிப் பல்லவியில் கொஞ்சம் சுருதி இறங்கியும் இருக்கிறது. "அந்தக் குரலை மட்டும் குறைத்துவிடுங்கள்" என்று எழுதினால் பயன் இல்லை. ஜோடி மைக்கில் முப்பத்தொரு குரலும் ஒன்றாகிவிட்டன, இட்லி மாவில் கலந்த உப்பைப் போல. அவர் அதிகபட்சம் செய்யக்கூடியது, அந்தக் குரல் குத்துகிற இடங்களில் 2,500 முதல் 3,500 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு டெசிபல் பள்ளம் போடுவது. அதையும் நேரம் குறித்துக் கேளுங்கள், பாட்டு முழுக்கப் போட்டால் மொத்தக் குழுவும் மங்கிவிடும். பிள்ளையின் பெயரை மெயிலில் எழுத வேண்டாம். அந்த மெயில் எத்தனை பேருக்கு ஃபார்வர்டு ஆகும் என்று யாருக்குத் தெரியும்? "இடது, இரண்டாம் வரிசை" போதும்.

சுருதி திருத்தும் மென்பொருளைப் பற்றித் தெளிவாக "வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். குழுவில் அது நம்பும்படி வேலை செய்யாது. தனிக்குரலில் வேலை செய்யும், அதனால்தான் அங்கே ஆபத்து அதிகம். நான்காம் டிராக்கில் சுரத்தைத் தூக்கி நிறுத்தினாலும் ஜோடி மைக்கில் அவள் பாடிய பழைய சுரம் அப்படியே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரண்டு பேர் பாடுவது போல ஒரு தடுமாற்றம் கேட்கும். கமகத்தையும் அது பிழை என்று நினைத்து நேராக்கிவிடும். தனிக்குரல் ஒரு டேக்கில் சரியில்லை என்றால் இன்னொரு டேக்கிலிருந்து நான்கு டிராக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

டேக்குகளை ஒட்டச் சொல்லும்போது எங்கே வெட்டுவது என்பதையும் சொல்லலாம். கீபோர்டு கூடவே இருப்பதால் டேக்குக்கு டேக் சுருதி மாறாது. துணையில்லாமல் பாடிய குழு நான்கு நிமிடத்தில் கால் சுரம் இறங்கிவிடக்கூடும், அதில் ஒட்டு போட முடியாது. பாடும் வேகம் மாறும் என்பதால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்பு ஆசிரியர் மெட்ரோனோமை ஒரு முறை காதில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒட்டு க, த, ப போன்ற வல்லினத்தில் தொடங்கும் வரிக்குச் சற்று முன்னால் விழுந்தால் தெரியாது. ம, ந போன்ற மெல்லினத்திலும் உயிரெழுத்திலும் விழுந்தால் தெரியும். முந்தைய வரியின் முழக்கம் கூடத்தில் இன்னும் அடங்கியிருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாம் டேக்கில் அந்த வரியை மட்டும் புதிதாகத் தொடங்கிப் பாடியிருந்தால் முழக்கம் ஒட்டும் இடத்தில் அறுந்துபோகும். திரும்பப் பாடும்போது எப்போதும் ஒரு வரி முன்னாலிருந்து தொடங்கச் சொல்வது இதற்குத்தான். மெயிலில்: "அடிப்படை இரண்டாம் டேக். 1:36இல் தொடங்கும் வரியிலிருந்து அடுத்த பல்லவி வரை மூன்றாம் டேக். கடைசிப் பல்லவியும் மூன்றாம் டேக்."

எங்கே ஒலிக்கப் போகிறது என்பது கடைசிப் பத்தி. பெற்றோர் போனில் கேட்பார்கள், ஆண்டுவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் போடுவார்கள். இரண்டிலும் பெரும்பாலும் இடது வலது பிரியாத மோனோதான். "மோனோவில் போட்டுக் கேட்டு, குழு மெலிகிறதா என்று பாருங்கள்" என்று சேருங்கள். சத்த அளவு, காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் லஃப்ஸ் கணக்கில் சராசரி −16, உச்சம் −1 டெசிபல் என்றால் போனில் போதுமான சத்தம் இருக்கும், குழுவும் நசுங்காது.

அனுப்புகிற விதம்: நான்கு டிராக் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 எம்பி. நான்கு நிமிடப் பாட்டு மூன்று டேக் என்றால் 400 எம்பியைத் தாண்டும். ஜிமெயில் இணைப்பு எல்லை 25 எம்பி, ஆகவே டிரைவ் லிங்க்தான். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் அது தன் வசதிக்குச் சுருக்கிவிடும், மிக்ஸுக்கு உதவாது.

முதல் மிக்ஸ் வந்ததும் தலைமையாசிரியர் ஒன்று, பாட்டு டீச்சர் ஒன்று, பெற்றோர் சங்கத்தில் ஒருவர் இன்னொன்று என்று தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பினால் என்ஜினீயர் கடைசியாக வந்ததைத்தான் கேட்பார். ஒருவர் பொறுப்பெடுத்து, ஹெட்ஃபோனிலும் போனிலும் பள்ளி ஸ்பீக்கரிலும் கேட்டு, நேரம் போட்டு ஒரே மெயிலாக எழுத வேண்டும். "0:40இல் குழு இருக்கிற கனம் சரி. 1:15இல் கீபோர்டு அதைவிட மேலே வருகிறது, 0:40 போல ஆக்குங்கள்" என்பது வேலைக்கு ஆகிற வாக்கியம். "கொஞ்சம் கனமா வேணும்" என்பது ஆகாது. பதிவுக்குள்ளேயே பிடித்த இடத்தைக் காட்டிக் கேட்டால் இருவருக்கும் ஒரே அளவுகோல்.

"கரோக்கே போல இசை மட்டும் தனியாக" என்று பின்னால் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பதிவில் கேபிள் டிராக்கை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் மெட்ரோனோம் ஓடாமல் பிள்ளைகள் மூச்சுக்கு ஏற்ப வாசித்த கீபோர்டு அது. வேறு பிள்ளைகள் அதற்கு ஒத்துப் பாடுவது கஷ்டம். அது வேண்டுமென்றால் கீபோர்டை மெட்ரோனோமோடு தனியாக வாசித்து, முன்னால் இரண்டு ஆவர்த்தனம் எண்ணிக்கை வைத்து, வேறு பாட்டு எண் போட்டு அனுப்புங்கள்.